கஷாசா: கரும்புச்சாற்றுச் சாராயம்

பிரேசில் நாட்டின் கஷாசாவைத் தமிழில் ‘பிரேசில் ரம்’ என்று எழுதிவிடுவது எளிது. அமெரிக்காவிலும் 2013 வரை அதன் புட்டிகளில் அப்படித்தான் அச்சிட வேண்டியிருந்தது. அந்த ஆண்டில்தான் அது பிரேசிலுக்கே உரிய தனிவகை மதுவாக அங்கே ஏற்கப்பட்டது. இரண்டுக்கும் மூலம் கரும்புதான் என்றாலும், கரும்பு எந்த நிலையில் நொதிக்க வைக்கப்படுகிறது என்பதில் வேறுபாடு தொடங்குகிறது.

கஷாசா என்ற போர்த்துகீசியச் சொல்லின் பிறப்பு உறுதியாகத் தெளிவாகவில்லை. கரும்புச்சாற்றைக் காய்ச்சும்போது மேலே திரளும் நுரையழுக்கை ஸ்பானிய மொழியில் ‘கச்சாசா’ என்பார்கள் என்றும், கால்நடைக்கு ஊற்றப்பட்ட அந்த நுரையின் பெயரே பின்னர் மதுவுக்கு ஆகிவந்தது என்றும் கூறும் விளக்கம் பரவலாக வழங்குகிறது. பேச்சு வழக்கில் பிரேசில் மக்கள் அதைப் ‘பிங்கா’ என்றும் சொல்வார்கள். வடிகலத்திலிருந்து சொட்டுவது என்பது அதன் பொருள்.

ரம் பெரும்பாலும் மொலாசஸிலிருந்து வடிக்கப்படுகிறது. தமிழில் இதை ‘வெல்லப்பாகு’ என்று எழுதுவோர் உண்டு. வெல்லத்தைக் கரைத்துக் காய்ச்சிய பாகு வேறு என்பதால் அது தவறான வழிகாட்டல். சாற்றைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் கரிய, பிசுபிசுத்த நீர்மம் அது என்பதால் ‘கழிவுப்பாகு’ என்பதே பொருந்தும். மாதக்கணக்கில் கெடாத அந்தப் பாகைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோக முடிந்ததால்தான், கரும்பே விளையாத அமெரிக்க வடகிழக்குக் கரையில் 18ஆம் நூற்றாண்டில் ரம் ஆலைகள் நடந்தன. கரும்புச்சாறோ பிழிந்த சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். ஆகவே கஷாசா வடிப்பவர் தோட்டத்தை ஒட்டியே இருந்தாக வேண்டும். காய்ச்சாத சாறு நொதிப்பதால், வடித்த பின்னும் பச்சைப்புல்லும் பழமும் கலந்த மணம் அதில் நிற்கிறது. ரம்மில் பாகின் கருகலான இனிப்பு மணம் முந்தும். நிறத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முயலக் கூடாது, ஏனெனில் வடித்து இறங்கும்போது இரண்டுமே தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருக்கும். பழுப்பு நிறம் மரப்பீப்பாயிலிருந்தோ, சேர்க்கப்படும் கருக்கிய சர்க்கரையிலிருந்தோ வருவது.

பிரேசில் சட்டப்படி கஷாசாவின் சாராய அளவு 38 முதல் 48 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். பிரெஞ்சு மார்த்தினிக் தீவின் ‘ரம் அக்ரிகோல்’ என்பதும் சாற்றிலிருந்தே வடிக்கப்படுகிறது. எனவே ‘கரும்புச்சாற்றுச் சாராயம்’ என்பதை இனப்பெயராகவும், கஷாசாவை அதில் பிரேசில் வகையின் பெயராகவும் கொள்வதே முறை என்பது என் கருத்து. ‘கரும்புக் கள்’ என்பது ஒவ்வாது, கள் வடிக்கப்படுவதில்லை.

கஷாசாவின் புகழ்பெற்ற கலவை கைப்பிரீன்யா. நாட்டுப்புறத்தாரைக் குறிக்கும் ‘கைப்பிரா’ என்ற சொல்லின் குறுமை வடிவம் அது. ஒரு கோப்பைக்கு ஒரு பச்சை எலுமிச்சை, நான்கு தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரை, 60 மில்லி கஷாசா, நொறுக்கிய பனிக்கட்டி போதும். பழத்தின் இரு முனைகளையும் நறுக்கி, நடுவிலுள்ள வெண்தண்டைச் சீவி நீக்கிவிட்டுச் சிறு துண்டுகளாக்கி, கனமான கண்ணாடிக் குவளையில் சர்க்கரையோடு போட வேண்டும். அடுத்து வருவது ஆங்கிலத்தில் ‘மட்லிங்’ எனப்படும் வேலை. ‘இடித்தல்’ என்று அதைச் சொன்னால் கை தவறிவிடும். பிழிதலுக்கும் இடித்தலுக்கும் இடைப்பட்ட ‘நசுக்கல்’ என்பதே சரி. கீரை மத்தின் அடிப்புறம் போன்ற மரக்கட்டையால் நான்கைந்து முறை அழுத்தித் திருப்பினால் சாறு இறங்கும்; சர்க்கரைப் பரல்கள் உரசித் தோலின் எண்ணெயும் கசியும். மணம் அந்த எண்ணெயில்தான் இருக்கிறது. வெண்தோல் நார் நாராகக் கிழிந்து சாற்றில் மிதந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்; விழுங்கிய பின் அடிநாக்கில் கசப்புத் தங்கும், அதைச் சர்க்கரை கூட்டியும் மறைக்க முடியாது.

நம் கடைச் சர்க்கரையின் பரல் பெரிது. சாராயத்தில் அது எளிதில் கரையாது. பனிக்கட்டியும் கஷாசாவும் சேரும் முன்பே சாற்றில் கலக்கிக் கரைத்துவிடாவிட்டால் அடியில் மணலாகத் தங்கி, முதல் மிடறு புளிப்பாகவும் கடைசி மிடறு திகட்டலாகவும் போகும். கஷாசாவுக்குப் பதில் வோட்கா ஊற்றினால் அது ‘கைப்பிரோஸ்கா’, ரம் ஊற்றினால் ‘கைப்பிரீசிமா’. பிரேசில் சட்டம் கைப்பிரீன்யா என்ற பெயரைக் கஷாசா சேர்ந்த கலவைக்கு மட்டுமே விட்டிருக்கிறது.