உளவியல் பேச்சு சிகிச்சையின் பக்கவிளைவுகள் ஏன் கணக்கில் வருவதில்லை?

தீக்காயம் பட்டு மருத்துவமனையில் கிடப்பவரிடம், நடந்ததை ஒருமுறை விரிவாகப் பேச வைத்தால் மனம் லேசாகும், பின்னாளில் பெரிய மனநலச் சிக்கல் வராது என்று ஒரு காலத்தில் பரவலாக நம்பினார்கள். டீப்ரீஃபிங் என்று அதற்குப் பெயர். பிரிட்டனில் ஜொனாதன் பிசனும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தீக்காய நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் அந்தப் பேச்சு அமர்வைக் கொடுத்தார்கள். 1997இல் முடிவு வெளியானது. 13 மாதங்கள் கழித்து, பேச வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு இருந்தது. எதுவும் செய்யாமல் விடப்பட்டவர்களில் அது 9 சதவீதம்தான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பேச வைக்கப்பட்ட குழுவில் இருந்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே காயம் சற்றுக் கடுமையாக இருந்தது. அதனால் வித்தியாசம் முழுவதையும் டீப்ரீஃபிங் தலையில் கட்ட முடியாது. ஆனால் இந்தக் கேள்வியே எழுந்தது எப்படி என்று பாருங்கள். ஒப்பிட ஒரு குழு இருந்தது. ஓராண்டுக்கு மேல் காத்திருந்து, இரு குழுவினரையும் ஒரே மாதிரி பேட்டி கண்டார்கள். இவற்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் விஷயம் வெளியே வந்திருக்காது.

பெரும்பாலான ஆய்வுகளில் அப்படித்தான் வெளியே வருவதில்லை. உளவியல் சிகிச்சைகளைச் சோதித்த 132 ஆய்வுகளை எடுத்து, தீங்குகளைக் கண்காணித்தார்களா என்று தேடிய ஒரு மதிப்பாய்வு 2014இல் வந்தது. கண்காணித்ததற்கான அறிகுறி 28 ஆய்வுகளில் இருந்தது. என்ன பாதகம் நடந்தது, அதை எப்படிச் சேகரித்தோம் என்று இரண்டையும் எழுதியிருந்தவை வெறும் 4.

மருந்து ஆய்வில் இப்படி விட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். மருந்துக்கு உரிமம் கேட்டுப் போகும் நிறுவனம் ஒவ்வொரு தலைவலியையும் எழுதிவைத்தாக வேண்டும். பேச்சு சிகிச்சைக்குப் பொதுவாக அந்த மாதிரி உரிமம் தேவையில்லை, ஆகவே கேட்க ஆளும் இல்லை. இருக்கிற படிவமும் மாத்திரைக்காகத் தயாரானது. அதில் ‘தீவிரப் பாதக நிகழ்வு’ என்றால் மரணம், உயிருக்கு ஆபத்து, மருத்துவமனையில் சேர்க்கப்படுதல், நிலையான ஊனம், பிறக்கும் குழந்தைக்குக் குறைபாடு. கடைசியாகச் சொன்னதைப் பேச்சு சிகிச்சை ஆய்வின் படிவத்திலும் அப்படியே பார்க்கலாம். அதே நேரம், சிகிச்சையாளரைக் கேட்காமல் ஒரு சின்ன முடிவுகூட எடுக்க முடியாத நிலை, ‘இதுவும் பலிக்கவில்லை, இனி எனக்கு வழியே இல்லை’ என்ற நம்பிக்கையிழப்பு, உடைந்துபோன உறவு, புதிதாக முளைத்த அறிகுறி, இவற்றை எழுத அதில் கட்டம் இருக்காது.

ஒரு பாதகம் எந்த இடத்தில் தொலைந்துபோகிறது என்பதை ஒரு கற்பனை ஆய்வை வைத்துப் பார்ப்போம். விபத்தில் சிக்கி பிடிஎஸ்டி வந்த 160 பேர். 80 பேருக்கு வாரம் ஒன்றாக 12 அமர்வுகள், விபத்து நினைவை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் சிகிச்சை. மீதி 80 பேர் காத்திருப்புப் பட்டியலில். சிகிச்சைக் குழுவில் ஒரு பெண். நான்காவது அமர்வுக்குப் பிறகு அவருக்குக் கெட்ட கனவுகள் இரட்டிப்பாகின்றன, தூக்கம் போய்விடுகிறது. ஐந்தாவது அமர்வில் இதைச் சொல்கிறார். சிகிச்சையாளர், ‘நினைவுகள் கிளறப்பட்டுள்ளன, எதிர்பார்த்ததே’ என்று தன் குறிப்பில் எழுதுகிறார். அவர் எழுதியது தப்பும் இல்லை. இந்த வகைச் சிகிச்சையில் சில நாள் கலக்கம் வரத்தான் செய்யும். ஆறாவது வாரம் அந்தப் பெண் கையை அறுத்துக்கொள்கிறார், ஓர் இரவு மருத்துவமனையில் இருக்கிறார், அப்புறம் சிகிச்சைக்கு வரவே இல்லை. ஆய்வு அலுவலகம் இரண்டு முறை போன் செய்கிறது, யாரும் எடுப்பதில்லை. தரவுத் தாளில், ‘ஆறாவது வாரம் விலகினார், தொடர்புகொள்ள இயலவில்லை’ என்று பதிவாகிறது. இறுதி அளவீட்டில் அவர் இல்லை. கடைசியில் கட்டுரையில் ஒரு வரி: ‘பாதக நிகழ்வு எதுவும் பதிவாகவில்லை.’

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. சிகிச்சையாளரின் குறிப்பு சிகிச்சைக் கோப்பில் இருக்கிறது. மருத்துவமனைக் குறிப்பு மருத்துவமனையில் இருக்கிறது. இரண்டையும் ஆய்வுக்குள் கொண்டுவரும் வழியை மட்டும் யாரும் போட்டுவைக்கவில்லை.

வழி போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே, எந்த அளவு கலக்கம் எத்தனை நாள் நீடித்தால் அது பாதகமாகக் கணக்கிடப்படும் என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருப்பார்கள். குறிப்பிட்ட வாரங்களில், சிகிச்சையாளர் அல்லாத வேறொருவர் பங்கேற்பாளரை அழைத்துப் பேசுவார். இது முக்கியம். தனக்கு அக்கறையோடு உதவும் ஒருவரிடம் ‘உங்களால் எனக்கு மோசமாகிவிட்டது’ என்று சொல்ல யாருக்குமே நா எழாது. சிகிச்சையாளருக்கும், தான் செய்வது தீங்காகிறது என்று பார்க்கும் கண் எளிதில் வராது. கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. ‘ஏதாவது பிரச்சினை உண்டா?’ என்று பொதுவாகக் கேட்டால், ‘அப்படியெல்லாம் ஒன்றுமில்லை’ என்று பதில் வரும். தூக்கம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம், வீட்டில் சண்டை, வேலைக்குப் போக முடியாமை என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பதில்கள் மாறும். பொதுக் கேள்வியில் தொடங்கி அப்புறம் பட்டியலுக்குப் போவது நல்லது.

அந்தப் பெண்ணின் விஷயத்தில் இரண்டு தனித்தனிப் பதிவுகள் உருவாகியிருக்கும். கெட்ட கனவுகள்: தொடங்கிய நாள், முடிந்த நாள், கடுமை அதிகம், ஆனால் விதிமுறைப்படி ‘தீவிரம்’ அல்ல. கையை அறுத்துக்கொண்டது: காயம் ஆழமில்லாததாகக்கூட இருக்கலாம், ஆனாலும் மருத்துவமனையில் தங்கியதால் அது ‘தீவிரம்’. கடுமை என்பது எவ்வளவு வலித்தது என்பதைச் சொல்கிறது, தீவிரம் என்பது என்ன விளைவில் போய் முடிந்தது என்பதைச் சொல்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தப் படிவங்களில் அதிகம் நடக்கும் பிழை. தீவிர நிகழ்வு தெரியவந்த உடனே, பல ஆய்வுகளில் 24 மணி நேரத்துக்குள், ஆய்வுக்குப் பொறுப்பானவர்களுக்குத் தகவல் போக வேண்டும்.

அடுத்து வருவது கஷ்டமான கட்டம்: இது சிகிச்சையால் வந்ததா? ஜெர்மானிய மனநல மருத்துவர் மிக்கேல் லிண்டன் 2013இல் இதற்கு ஒரு வரிசை கொடுத்தார். முதலில் விரும்பத்தகாத நிகழ்வு எதுவானாலும் குறித்துக்கொள். பிறகு அது சிகிச்சையால் வந்ததா என்று கேள். சிகிச்சையால் வந்தது என்றால், சிகிச்சை சரியாகத்தான் செய்யப்பட்டதா என்று பார். சரியாகச் செய்தும் வந்திருந்தால்தான் அது உண்மையான பக்கவிளைவு. தப்பாகச் செய்து வந்தது வேறு கணக்கு. இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது, காரணம் தெரியும்வரை பதிவைத் தள்ளிப்போடாமல் இருப்பது. பல ஆய்வுகள் தலைகீழாகச் செய்கின்றன. ‘சிகிச்சைக்குத் தொடர்பில்லை’ என்று தோன்றியதும் அந்த நிகழ்வையே எழுதாமல் விட்டுவிடுகின்றன.

தனி ஒருவர் விஷயத்தில் காரணத்தை உறுதியாகச் சொல்லவே முடியாது என்பதுதான் உண்மை. அந்தப் பெண் கையை அறுத்துக்கொண்ட வாரம், விபத்து நடந்து ஓராண்டு நிறையும் வாரமாக இருந்திருக்கலாம். அவரையே கேட்டாலும் தீராது. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ்-சாமர்வில் என்ற திட்டம் 1939 முதல் 1945 வரை நடந்தது. வழிதவறக்கூடும் என்று கருதப்பட்ட சிறுவர்களுக்கு ஆலோசனையும் உதவியும் கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மக்கார்ட் அவர்களைத் தேடிப்பிடித்தார். பங்கேற்றவர்களில் பெரும்பாலானோர் திட்டம் தங்களுக்கு நன்மை செய்தது என்றார்கள். ஒப்பீட்டுக் குழுவோடு வைத்துப் பார்த்தபோது குற்றம், நோய், மரணம் போன்றவற்றில் உதவி பெற்றவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. தனிமனிதர் சாட்சியம் நன்மை என்கிறது, ஒப்பீடு வேறொன்றைக் காட்டுகிறது.

ஆக, ஒப்பீட்டுக் குழுதான் தீர்ப்பு சொல்லும். ஆனால் இரு குழுவையும் ஒரே அளவுக்குக் கவனித்தால்தான் அந்தத் தீர்ப்பு செல்லும். நம் கற்பனை ஆய்வில் சிகிச்சை பெறுபவர் 12 முறை ஒரு நிபுணரோடு பேசுகிறார். காத்திருப்பவரிடம் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் பேசுகிறார்கள். சிகிச்சைப் பக்கம் 9 பாதகங்கள், மறுபக்கம் 3 என்று வந்தால், சிகிச்சை தீங்கா, அல்லது அங்கே அதிகம் கேட்டதால் அதிகம் தெரிந்ததா? இந்த எண்களிலிருந்து பதில் கிடைக்காது. தீங்கை நேர்மையாகத் தேடும் ஆய்வாளர்களே இதனால் தண்டிக்கப்படலாம். ஒரே நபர், ஒரே கேள்விகள், ஒரே இடைவெளியில், யார் எந்தக் குழு என்று தெரியாமல் இரு பக்கமும் கேட்டால்தான் எண்களை ஒப்பிடலாம்.

இப்படிச் சரியாகப் பார்த்தால் சிகிச்சைக்கு எதிராகவே முடிவு வரும் என்று பயப்படத் தேவையில்லை. இணையவழி அறிவாற்றல் நடத்தை சிகிச்சை பற்றிய 29 ஆய்வுகளின் தனிநபர் தரவைச் சேர்த்து, 2017இல் சுவீடனைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரோசெந்தாலும் சகாக்களும் கணக்குப் போட்டார்கள். சராசரியைப் பார்க்காமல், அளவீட்டுப் பிழையைத் தாண்டி உண்மையாகவே மோசமானவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 5.8 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 17.4 சதவீதம். சிகிச்சை சிலரை மோசமாகவிடாமல் காத்திருக்கிறது என்று இதைப் படிக்கலாம். சராசரி மட்டும் இருந்தால் இந்தச் செய்தியும் தெரிந்திருக்காது, அந்த 5.8 சதவீதம் பேரும் மறைந்திருப்பார்கள்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் பூஜ்யம் வந்தால்? பூஜ்யத்துக்கும் ஓர் எல்லை உண்டு. புள்ளியியலில் ஒரு சுருக்கக் கணக்கு இருக்கிறது: கவனித்தவர்களில் ஒருவருக்கும் அந்தத் தீங்கு நேரவில்லை என்றால், 3ஐ அவர்கள் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். 95 சதவீத நம்பிக்கையோடு அந்தத் தீங்கின் உண்மையான விகிதம் அதற்குள் இருக்கும் என்று சொல்லலாம். 60 பேரில் யாருக்கும் இல்லை என்றால், அது இருபதில் ஒருவருக்கு வரும் தீங்காகவும் இருக்கக்கூடும். உளவியல் சிகிச்சை ஆய்வுகளில் பல இந்த அளவுதான். அரிதான தீங்கைப் பிடிக்கப் பல ஆய்வுகளைச் சேர்த்தாக வேண்டும். அதற்கு எல்லோரும் ஒரே வரையறையில், பங்கேற்றவர் எத்தனை பேர், நிகழ்வு எத்தனை, விலகியவர்கள் ஏன் விலகினார்கள் என்று குழுவாரியாக எழுதியிருக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளுக்கான கன்சார்ட் வழிகாட்டியின் தீங்கு பற்றிய பகுதி 2004 முதல் இதைத்தான் கேட்கிறது. 2022இல் அதைப் புதுப்பித்தும் இருக்கிறார்கள். நடைமுறையிலோ ஓர் ஆய்வு லிண்டனின் பட்டியலை எடுக்கிறது, இன்னொன்று ரோசெந்தால் குழு தயாரித்த, 32 கேள்விகள் கொண்ட பாதக விளைவுப் படிவத்தை, மற்றொன்று மாத்திரைக்கான பழைய படிவத்தை. மூன்றையும் கூட்டி ஓர் எண் சொல்ல இப்போதைக்கு வழியில்லை.