அரிப்பு மாத்திரை போட்டவர் நாளை சாரம் ஏறலாமா?

பெங்களூரு சைட்டுகளில் சென்ட்ரிங், கம்பி கட்டு, பெயிண்டிங் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்பவர்கள் ஏராளம். அவர்கள் கையில் அடிக்கடி காணப்படுவது சிமெண்ட் அரிப்பு. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தோல் தடித்து, வெடித்து, ராத்திரியில் தூங்க விடாமல் அரிக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஒரு மாத்திரை கிடைக்கும். அரிப்பு அடங்கும், தூக்கமும் வரும். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஐந்தாவது மாடி ஸ்லாப் ஓரத்தில் நிற்கும்போதுதான் பிரச்சினை.

ஃபெனிரமின், குளோர்பெனிரமின், ஹைட்ராக்சிசின் என்பவை பழைய வகை அலர்ஜி மாத்திரைகள். இவை மூளைக்குள் போய் நம்மை விழிப்பாக வைத்திருக்கும் வேலையைத் தடுக்கின்றன. சளிக்கு வாங்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமாலோடு குளோர்பெனிரமின் 2 மி.கி. சேர்ந்திருக்கும். அதனால் "நான் காய்ச்சல் மாத்திரைதான் போட்டேன்" என்பவரும் இந்தக் கணக்கில் வருவார்.

"ராத்திரி போட்டது காலையில் போயிடும்" என்பது சைட்டில் எல்லோரும் சொல்வது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரியவர்களுக்கு ஹைட்ராக்சிசின் உடலில் பாதியாகக் குறைய சுமார் 20 மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு 25 மி.கி. மாத்திரை போட்டால், காலை எட்டு மணிக்கு அதில் ஏறத்தாழ 70 சதவீதம் உடம்பிலேயே இருக்கும். மாலை ஆறு மணிக்குத்தான் பாதியாகும். அதற்குள் அடுத்த மாத்திரைக்கு நேரம் வந்துவிடும். அதனால் நாலைந்து நாள் வரைக்கும் அளவு ஏறிக்கொண்டே போகும். முதல் நாள் சமாளித்துவிட்ட ஆள் மூன்றாம் நாள் தடுமாறுவது இதனால்தான். சாயங்காலம் ஏழு மணிக்கே போட்டுக்கொண்டால் சரியாகிவிடுமா? காலை எட்டு மணிக்கு 70க்குப் பதில் 64 சதவீதம் இருக்கும். பெரிய வித்தியாசம் இல்லை. மருந்தின் உச்ச வேகம் தூக்க நேரத்தில் கழிந்துவிடும் என்பது மட்டுமே லாபம்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: "எனக்குத் தூக்கமே வரலையே, நான் நல்லாத்தான் இருக்கேன்." 2000இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கார் ஓட்டும் சிமுலேட்டரில் இதைச் சோதித்தார்கள். இதே பழைய வகையைச் சேர்ந்த டைஃபென்ஹைட்ரமின் 50 மி.கி. போட்டவர்கள், முன்னே போகும் வண்டியைப் பின்தொடர்வதில் மது குடித்தவர்களை விட மோசமாக இருந்தார்கள். எவ்வளவு தூக்கமாக இருக்கிறது என்று அவர்களே சொன்னதை வைத்து, எவ்வளவு தடுமாறுவார்கள் என்று கணிக்க முடியவில்லை. ஆகவே சூப்பர்வைசர் "தூக்கம் வருதா?" என்று கேட்டு, "இல்லை சார்" என்ற பதிலை நம்பி மேலே அனுப்புவது பாதுகாப்பு ஆகாது. கேட்க வேண்டியது என்ன மாத்திரை, எப்போது போட்டார் என்பதே.

மேலே நிற்கும்போது மந்தம் எப்படித் தெரியும்? கொட்டாவியை எதிர்பார்த்தால் தாமதமாகிவிடும். முதலில் கெடுவது பழக்கமான வேலையின் வரிசை. இரட்டைக் கயிறு ஹார்னஸில் ஒரு கொக்கியை மாட்டிய பிறகுதான் அடுத்ததைக் கழற்ற வேண்டும். மந்தமான ஆள் இரண்டையும் கழற்றிவிட்டு நகர்வார், அல்லது மாட்டின கொக்கி லாக் விழுந்ததா என்று பார்க்காமல் திரும்புவார். கீழிருந்து கூப்பிட்டால் இரண்டாவது, மூன்றாவது குரலுக்குத்தான் திரும்புவார். ஸ்பானர் கை தவறும். ஒரே கிளாம்பை இரண்டு முறை முடுக்கி, அடுத்ததை விட்டுவிடுவார். இதோடு வாய் உலர்வது, கிட்டப் பார்வை மங்குவது, வேர்வை குறைவது எல்லாம் இந்த மருந்துகளின் இயல்பு. வேர்வை குறைந்தால் வெயிலில் ஸ்லாப் மேல் உடம்பு சீக்கிரம் சூடேறும். மேஸ்திரி இரண்டு நேரங்களில் தனியாகக் கவனிக்க வேண்டும்: ஏறிய முதல் ஒரு மணி நேரம், சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டிலிருந்து மூன்று மணி வரை.

முப்பத்து நாலு வயது சென்ட்ரிங் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். சர்ஜாபுர ரோடு சைட், ஐந்தாவது மாடி, வெளிப்பக்கச் சாரம். இரண்டு கையிலும் சிமெண்ட் அரிப்பு. வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்தில் அரசு நடத்தும் "நம்ம கிளினிக்"குக்குப் போகிறார்.

இங்கே அவர் முதலில் செய்ய வேண்டியது தன் வேலையைச் சரியாகச் சொல்வது. "கூலி வேலை" என்றால் டாக்டர் மனதில் எதுவும் பதியாது. "உயரத்தில், சாரத்தின் மேல் வேலை, காலை எட்டு மணிக்கு ஏறுவேன், மெஷினிலும் மரம் அறுப்பேன்" என்று சொல்ல வேண்டும். தமிழ் தெரியாத டாக்டரிடம், "எத்தரதல்லி கெலசா மாடுத்தீனி" என்ற ஒரு கன்னட வாக்கியம் போதும். மெடிக்கல் ஷாப்பில், இந்த மாத்திரையால் தூக்கம் வருமா என்பதை "ஈ மாத்ரெயிந்த நித்தெ பருத்தா?" என்று கேட்கலாம்.

அப்படிச் சொன்னால் சிகிச்சையே மாறக்கூடும். சிமெண்ட் அரிப்புக்கு முக்கிய மருந்து மாத்திரை இல்லை, டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்புதான். ஈர சிமெண்டின் காரமும் அதிலுள்ள குரோமியமும் தோலைப் புண்ணாக்குவதால் வரும் அரிப்பு இது. அலர்ஜி மாத்திரை இதில் செய்வது பெரும்பாலும் தூங்க வைப்பது மட்டுமே. களிம்பு, வேலைக்கு நைட்ரைல் கையுறை, வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி வாசலின் தடவுவது என்று போனால், பலருக்கு மாத்திரையே தேவைப்படாது. கடையில் தானாக வாங்கும், ஸ்டீராய்டு சேர்ந்த கலப்புக் களிம்பு வேண்டாம். படர்தாமரையாக இருந்தால் அது நோயை மறைத்து இன்னும் பரப்பிவிடும்.

உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பாக எழும்பும் அரிப்பு என்றால் கதை வேறு. அதற்கு அலர்ஜி மாத்திரை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பழைய வகைதான் வேண்டும் என்றில்லை. ஃபெக்ஸோஃபெனடின் மூளைக்குள் மிகக் குறைவாகவே போகும். உயரத்தில் வேலை செய்பவருக்கு அதை எழுத முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். ஜூஸோடு போட்டால் உடம்பில் சேர்வது குறையும், தண்ணீரோடு போட வேண்டும். செட்ரிசின் இடைப்பட்டது. பழைய வகை அளவுக்கு மந்தம் தராவிட்டாலும் சிலருக்குத் தூக்கம் வரும். அதனால் அதன் முதல் மாத்திரையை விடுமுறைக்கு முந்தைய ராத்திரி போட்டுப் பார்ப்பது நல்லது. ஞாயிறு லீவு என்றால் சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் ஓசூர் பக்கம் பைக்கில் கிளம்பிவிடக் கூடாது, பஸ்ஸில் போகலாம்.

நம் தொழிலாளிக்குக் களிம்போடு, தூங்க முடியாததால் ஐந்து ராத்திரிக்கு ஹைட்ராக்சிசினும் எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் "திங்கள் ராத்திரி வரை மாத்திரை, புதன் வரை உயர வேலை, மெஷின் வேலை வேண்டாம்" என்று தேதியோடு எழுதி வாங்கிக்கொள்வது அவருக்கும் நல்லது, காண்ட்ராக்டருக்கும் நல்லது. கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு முழு நாள் விடுவதற்குக் காரணம், 48 மணி நேரம் கழிந்தால் இந்த மருந்து ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும். வயதானவர்களுக்கும் கல்லீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இன்னும் நீளும். அதை டாக்டர் சொல்ல வேண்டும். ராத்திரி மாத்திரையோடு மது சேர்ந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

வெள்ளிக்கிழமை காலை அந்தச் சீட்டோடு அவர் சூப்பர்வைசரைப் பார்க்கிறார். அங்கேதான் பல சைட்டுகளில் தவறு நடக்கிறது. "அப்போ வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டால் அன்றைய கூலி போய்விடும். அதைப் பார்க்கிற மற்ற இருபது பேரும் அடுத்த முறை மாத்திரையை மறைப்பார்கள். என் கருத்தில், ஹார்னஸுக்குச் செலவு செய்கிற காண்ட்ராக்டர், அதே கூலிக்கு ஒரு வாரத் தரை வேலை தருவதையும் பாதுகாப்புச் செலவாகவே கணக்கிட வேண்டும்.

ஆனால் தரை வேலை என்றால் எந்த வேலை? கீழே வந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நினைத்து கட்டிங் மெஷினில் உட்கார வைப்பது சாரத்தை விட மோசம். மரம் அறுக்கும் வட்ட ரம்பம், கம்பி வளைக்கும் மெஷின், மிக்சர், ஹாய்ஸ்ட், கிரேனுக்குச் சிக்னல் காட்டுவது எதுவும் கூடாது. சாரத்துக்கு நேர் கீழே நிற்கும் வேலையும் வேண்டாம். இவருக்குக் கையில் சிமெண்ட் அரிப்பு என்பதால் கவர் பிளாக் வார்ப்பது, கியூரிங், சென்ட்ரிங் ஷீட் சுரண்டுவது எல்லாம் புண்ணை அதிகமாக்கும். மிச்சம் இருப்பது கிளாம்பும் நட்டு போல்ட்டும் பிரித்து எண்ணுவது, ஸ்டோரில் வரவு செலவு பார்ப்பது, பழைய பலகையில் ஆணி பிடுங்குவது, கையுறையோடு தரையில் கம்பி கட்டுவது. இதைத் தேவை வரும்போது யோசிக்காமல், ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே ஒட்டி வைக்கலாம்.

சூப்பர்வைசர் கேட்கும் விதமும் முக்கியம். காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் எல்லோர் முன்னும் "யாராவது மாத்திரை போடறீங்களா?" என்றால் யாரும் கை தூக்க மாட்டார்கள். "தூக்கம் வர வைக்கிற மாத்திரை போடறவங்க மீட்டிங் முடிஞ்சதும் என்கிட்ட தனியா சொல்லுங்க, கூலி குறையாது" என்று சொல்லிவிட்டு, உயர வேலை பெர்மிட் போடும்போது ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்பது பலன் தரும். பதிவேட்டில் நோயின் பெயரோ மருந்தின் பெயரோ வேண்டாம். "தரை வேலை மட்டும், இந்தத் தேதி வரை" என்பது போதும்.

மனநலத்துக்கோ வலிப்புக்கோ மாத்திரை சாப்பிடுபவர் பெர்மிட் கிடைக்கட்டும் என்று அதைத் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வரும் நோய், மந்தத்தை விடக் கொடியது. அவருக்கு எந்த வேலை என்பதை மாத்திரை எழுதும் டாக்டரே முடிவு செய்ய வேண்டும். வலிப்பு உள்ளவருக்கு மாத்திரை ஒத்துக்கொண்டாலும் நோயின் காரணமாகவே உயர வேலை பொருந்தாது.

தெரியாமல் மாத்திரை போட்டுவிட்டு மேலே ஏறியவருக்கு அங்கே தலை சுற்றினால், தானாக ஏணியில் இறங்க முயலக் கூடாது. இருக்கும் இடத்திலேயே இரண்டு கொக்கியையும் மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்து மேஸ்திரியைக் கூப்பிட வேண்டும். இறக்குவது கட்டடத்தின் உள் படிக்கட்டு வழியாக, ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும். கீழே வந்ததும் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்து, எத்தனை மணிக்கு எத்தனை போட்டார் என்று எழுதிக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப் போகலாம்.