பின்யின் தெரிஞ்சவங்க ஜ்யூட்பிங்ல தடுக்கி விழுற இடம்

நான் ஹாங்காங்ல கான்டனீஸ் சொல்லிக் குடுக்கிறேன். ஒண்ணுமே தெரியாம வர்றவங்கள விட, ஏற்கனவே ரெண்டு வருஷம் மாண்டரின் படிச்சிட்டு வர்றவங்கதான் எனக்கு அதிக வேலை வைக்கிறாங்க. மாண்டரின் சீனத்தை இங்கிலீஷ் எழுத்துல எழுதுற முறை பின்யின், கான்டனீஸ் சீனத்தை அப்படி எழுதுற முறை ஜ்யூட்பிங். ரெண்டுமே இங்கிலீஷ் எழுத்து தானே, பின்யின் மாதிரியே படிச்சிடலாம்னு நினைச்சிடுறாங்க.

போன மாசம் ஒருத்தர் "ஒரு கோழி"ன்னு சொல்லப் பாத்தார். ஜ்யூட்பிங்ல அது இப்படி:

```
jat1 zek3 gai1
```

முதல் எழுத்துலயே போச்சு, "ஜாட்"னு ஆரம்பிச்சார். ஜ்யூட்பிங்ல j-ன்னா நம்ம ய. அதாவது "யட்", கடைசி ட்-டை நாக்கு மேல ஒட்டினதோட நிறுத்திடணும், வெளிய விடக்கூடாது. மாண்டரின்ல ட், ப், க்-ல முடியிற சொல்லே இல்ல, அதனால பின்யின் பழக்கத்துல அதை சிலர் முழுங்கிடுவாங்க, சிலர் "யட்டு"ன்னு இழுப்பாங்க. (ஜ்யூட்பிங்ங்கிற பேரையே யூட்பிங்னு தான் சொல்லணும், எழுதினா jyut6 ping3. அந்த யூ-வ உதட்டைக் குவிச்சு ஈ சொல்ற மாதிரி சொல்லணும்.)

அடுத்தது அந்த 3. சொல்லுக்குப் பின்னால வர்ற நம்பர் தொனி, அதாவது குரல் எப்படி ஏறி இறங்கணும்ங்கிறது. பின்யின்ல மூணாவது தொனின்னா குரல் கீழ இறங்கி மேல ஏறும், இவரும் zek3-ஐ அப்படியே வளைச்சார். கான்டனீஸ்ல 3-ங்கிறது நடு உயரத்துல தட்டையா போற குரல், அவ்ளோதான். 4-லயும் இதே குழப்பம்தான், பின்யின்ல உயரத்துலேர்ந்து வெட்டி இறங்கும், இங்க அடிக்குரல்ல மெதுவா இறங்கும். டீ caa4, "ச்சா", அதை வெடுக்குன்னு சொன்னா கேக்குறவங்க முழிப்பாங்க. மொத்தம் ஆறு தொனி, பழைய நம்பரை மறந்துட்டு புதுசா தான் கத்துக்கணும், வேற வழியில்ல.

கடைசியா gai1. இங்க தமிழ்க்காரங்களுக்கு ஒரு லாபம் இருக்கு. ஜ்யூட்பிங்ல a குறில், aa நெடில். gai1 "கய்", கோழி. gaai1 "காய்", தெரு. க-வும் நம்ம சொல்லோட முதல்ல வர்ற அதே க தான், இங்கிலீஷ் g இல்ல. பின்யின்ல இந்த குறில் நெடில் வித்தியாசமே எழுத்துல கிடையாது, அதனால இவரோட gai கொஞ்சம் நீண்டு தெரு பக்கம் போயிடுச்சு, நான் "காய், கய்"னு தமிழ்ல எழுதிக் காட்டினதும் ரெண்டே நிமிஷத்துல பிடிச்சிட்டார்.

பின்யின் 1958-ல மாண்டரினுக்குன்னு வந்தது, ஜ்யூட்பிங் 1993-ல ஹாங்காங் மொழியியல் சங்கம் கான்டனீஸுக்குன்னு பண்ணினது. ரெண்டும் வேற வேற ஒலிகளுக்கு வேற ஆளுங்க போட்ட கணக்கு.

இன்னொண்ணு, தெருவுல இருக்குற போர்டை பாத்து ஜ்யூட்பிங் படிக்காதீங்க, அது பழைய எழுத்துமுறை, சில இடத்துல பேரே பழைய பேரு. Mong Kok-னு எழுதியிருக்கிற ஸ்டேஷனோட ஜ்யூட்பிங் wong6 gok3, ம-வே கிடையாது.