சென்னைக்கு நேர் மேலே ஒரு செயற்கைக்கோளை ஏன் நிறுத்த முடியாது?

தரையிலிருந்து பார்த்தால் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் என்றதும் இரண்டு கேள்விகள் வரும். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் தூரத்துக்கு அதை ஏன் அனுப்ப வேண்டும்? பாதி தூரத்தில் நிறுத்தினால் சிக்னல் இன்னும் பலமாக வருமே? அடுத்தது, நமக்காகச் செய்த செயற்கைக்கோளை நம் தலைக்கு மேலேயே நிறுத்தினால் என்ன? பணமோ தொழில்நுட்பமோ போதாமல்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த இரண்டையும் தேர்ந்தெடுக்கும் உரிமை பொறியாளர்களுக்கு இல்லை. ஈர்ப்பு விசை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். தரையிலிருந்து பார்க்கும்போது அசையாமல் தெரியும் செயற்கைக்கோள் உண்மையில் நொடிக்கு 3.07 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பூமி ஒருமுறை சுழலும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்றை முடிப்பதால்தான் நமக்கு அது நிற்பதுபோல் தெரிகிறது. வட்டப்பாதையில் ஓடும் எதையும் மையத்தை நோக்கி ஒரு விசை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த விசையை ஈர்ப்பு மட்டுமே தருகிறது. பூமியின் மையத்திலிருந்து விலக விலக ஈர்ப்பு குறையும். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்க, வட்டம் பெரிதாகப் பெரிதாக அதிக இழுப்பு வேண்டும். ஒன்று இறங்குகிறது, மற்றொன்று ஏறுகிறது. இரண்டும் ஒரே ஒரு தூரத்தில்தான் சமமாகும். கீழே r என்பது அந்தத் தூரம், GM என்பது பூமியின் ஈர்ப்பு வலிமையைக் குறிக்கும் மாறிலி, T என்பது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்.

```
r  = (GM × T² / 4π²)^(1/3)
GM = 398600.44 km³/s²
T  = 86164.1 s
r  = 42164 km
```

இது பூமியின் மையத்திலிருந்து அளந்த தூரம். பூமத்திய ரேகையில் பூமியின் ஆரமான 6,378 கிலோமீட்டரைக் கழித்தால் 35,786 கிலோமீட்டர் உயரம் கிடைக்கும். சூத்திரத்தில் செயற்கைக்கோளின் எடை வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 2018-இல் ஏவப்பட்ட ஜிசாட்-11 ஏவும்போது 5,854 கிலோ எடை கொண்டது. அதில் பத்தில் ஒரு பங்கு எடையுள்ள செயற்கைக்கோளுக்கும் இதே தூரம்தான்.

அதைவிடக் கீழே, மையத்திலிருந்து 30,000 கிலோமீட்டரில் நிறுத்திப் பார்த்தால் என்ன ஆகும்? அங்கே ஈர்ப்பின் முடுக்கம் 0.443 மீ/வி². நாளுக்கு ஒரு சுற்று என்ற மெதுவான ஓட்டத்துக்குத் தேவைப்படுவதோ 0.160 தான். மிச்சமுள்ள 0.283, செயற்கைக்கோளைக் கீழே இழுக்கும். அதைத் தடுக்க இன்ஜினை ஒரு நொடிகூட அணைக்காமல் மேல்நோக்கித் தள்ள வேண்டும். ஒரு நாளுக்கு மட்டும் அது நொடிக்கு 24 கிலோமீட்டர் வேகமாற்றத்துக்குச் சமம். தரையிலிருந்து புவிநிலைப் பாதைவரை போய்ச் சேரவே அவ்வளவு தேவைப்படாது.

மேலே T என்பதற்கு 86,400 நொடி போடாமல் 86,164 போட்டதற்கும் காரணம் உண்டு. மாணவர்கள் மட்டுமல்ல, சில பாடக்குறிப்புகளும் சறுக்கும் இடம் இது. 24 மணி நேரம் என்பது சூரியன் மறுபடி உச்சிக்கு வர ஆகும் நேரம். அதற்குள் பூமி சூரியனைச் சுற்றிக் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், ஒரு முழுச் சுழற்சியைவிடச் சற்றே அதிகமாகச் சுழல வேண்டியிருக்கிறது. விண்மீன்களை வைத்து அளந்தால் ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4 நொடி. 86,400-ஐப் போட்டுக் கணக்கிட்டால் ஆரம் 77 கிலோமீட்டர் கூடிப்போகும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பாதையில் விட்ட செயற்கைக்கோள் தினமும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி மேற்கே நழுவும். மூன்று மாதத்தில் வானத்தின் கால்வட்டத்தைக் கடந்துவிடும்.

ஒரே ஒரு கிலோமீட்டர் கூடினாலும் சுற்றுக்கு 3 நொடி தாமதம், நாளுக்கு 0.013 டிகிரி மேற்கே நகரும். ஒரு செயற்கைக்கோளுக்கு ஒதுக்கப்பட்ட இடத்திலிருந்து பெரும்பாலும் இருபுறமும் 0.05 அல்லது 0.1 டிகிரிதான் விலகலாம். நடுவில் இருந்து கிளம்பினால் நான்கே நாளில் 0.05 டிகிரி எல்லையைத் தொட்டுவிடும்.

இனி சென்னை. நகரம் 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. அதன் உச்சியில் நிற்க வேண்டுமானால் செயற்கைக்கோள் பூமியின் அச்சைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். அந்த வட்டத்தின் மையம் பூமியின் மையமாக இருக்காது, அச்சில் அதற்கு வடக்கே இருக்கும். ஆனால் ஈர்ப்பு இழுப்பது பூமியின் மையத்தை நோக்கி. அதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால், ஒரு பகுதி அச்சை நோக்கி இழுத்து வட்டத்துக்கு உதவுகிறது. இன்னொரு பகுதி, சுமார் 0.05 மீ/வி², நேராகத் தெற்கே இழுக்கிறது. அதைச் சமன் செய்ய எதுவுமே இல்லை. சென்னைக்கு மேலே கொண்டுபோய் விட்டால் முதல் ஒரு மணி நேரத்திலேயே 300 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போயிருக்கும். ஆறு மணி நேரத்தில் பூமத்திய ரேகையைக் கடக்கும், பன்னிரண்டு மணி நேரத்தில் 13 டிகிரி தெற்கில் இருக்கும், பிறகு திரும்பி வரும்.

எந்தச் சுற்றுப்பாதையின் தளமும் பூமியின் மையம் வழியாகத்தான் போக முடியும். அச்சுக்குச் செங்குத்தாகவும் இருந்து மையம் வழியாகவும் போகும் தளம் ஒன்றே ஒன்று: பூமத்திய ரேகையின் தளம். சாய்ந்த தளத்தில் அதே ஆரத்தில் ஓடினால் சுழற்சியோடு ஒத்துப்போகலாம், நிற்க முடியாது. தரையிலிருந்து பார்த்தால் அது தினமும் வானத்தில் 8 என்ற எண்ணை எழுதும். நாவிக் வழிகாட்டி அமைப்பில் சில செயற்கைக்கோள்களை 29 டிகிரி சாய்வில் வைத்திருப்பது வேண்டுமென்றேதான். எல்லாமே ஒரே கோட்டில் நின்றால் வடக்கு தெற்கு இருப்பிடத்தைச் சரியாகக் கணிக்க முடியாது.

சாய்வு தானாகவும் வரும். நிலவும் சூரியனும் இழுத்து ஆண்டுக்கு 0.75 முதல் 0.95 டிகிரிவரை பாதையைச் சாய்க்கின்றன. அதைத் திருத்த ஆண்டுக்குச் சுமார் 50 மீ/வி வேகமாற்றத்துக்கான எரிபொருள் செலவாகும். கிழக்கு மேற்கு நகர்வைத் திருத்த இரண்டு மீ/வி போதும். ஆகவே எரிபொருள் தீரும் வயதில் பலர் வடக்கு தெற்குத் திருத்தத்தை முதலில் நிறுத்திவிடுவார்கள். அதன்பின் மூன்று ஆண்டுகளில் 60 செ.மீ. டிஷ்ஷுக்கே வித்தியாசம் தெரியத் தொடங்கும். அது சிக்னலைப் பிடிக்கும் கோணமான கற்றை அகலம் மொத்தமே சுமார் 3 டிகிரிதான்.

சிக்னல் மங்குவதற்கு இந்தச் சாய்வுதான் காரணமா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. சிக்னல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்கும். அந்த நேரம் தினமும் நான்கு நிமிடம் முன்னால் வந்துகொண்டே இருக்கும், பதினைந்து நாளில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும். கேபிளிலோ, டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி-யிலோ கோளாறு என்றால் இந்த ஒழுங்கு இருக்காது. ஒரு வாரம் நேரத்தைக் குறித்து வைத்துவிட்டு அப்புறம் டிஷ்ஷில் கை வையுங்கள்.

பூமத்திய ரேகைக்கு மேலேதான் செயற்கைக்கோள் இருக்கிறது என்பதை வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம். ஆண்டுக்கு இருமுறை சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து, அதன் ரேடியோ இரைச்சலில் டிவி சில நிமிடம் மங்கும். 83 டிகிரி கிழக்கில் உள்ள செயற்கைக்கோளைச் சென்னையில் பார்த்தால் தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே, 74 டிகிரி உயரத்தில் இருக்கும். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருந்து பார்ப்பதால், விண்மீன்களின் பின்னணியில் அது, பூமத்திய ரேகையை வானத்துக்கு நீட்டினால் வரும் வானநடுக்கோட்டுக்கு 2 டிகிரிக்குச் சற்று அதிகமாகத் தெற்கே தெரிகிறது. சூரியன் அந்த இடத்துக்கு வருவது மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் இறுதியிலும். டெல்லியில் அது கிட்டத்தட்ட 5 டிகிரி தெற்கே தெரிவதால், மார்ச்சில் அவர்களுக்கு ஒரு வாரம் முன்பே, எட்டாம் தேதி வாக்கில் தடங்கல் வரும். அக்டோபரிலோ நமக்கு முடிந்த பிறகுதான் அவர்களுக்கு வரும்.