மூலைப்புள்ளியும் அடிப்படைத் தீர்வும் ஒன்றாவது எப்படி?

குடியாத்தத்தில் இரண்டாம் ஆண்டு கணிதம் படிக்கும் மாணவி ஒருவர் இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். நேரியல் திட்டமிடலில் முதலில் வரைபடத் தாளில் கோடுகள் வரைந்து, கிடைக்கும் பகுதியின் மூலைகளைப் பார்க்கச் சொல்கிறார்கள். அடுத்த பாடத்தில் படமே இல்லை. சில மாறிகளைப் பூஜ்ஜியமாக்கி மற்றவற்றுக்குச் சமன்பாடுகளைத் தீர்க்கச் சொல்கிறார்கள். இரண்டு வழியிலும் ஒரே புள்ளிகள் வருகின்றன. இது தற்செயலா, இல்லை காரணம் உண்டா என்பது அவருடைய முதல் கேள்வி. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அவர் போட்டிருந்த ஒரு கணக்கில் ஒரே விடை மூன்று முறை வந்திருக்கிறது. இரண்டைத் தவறு என்று எண்ணி அவரே அடித்துவிட்டிருக்கிறார். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

பேர்ணாம்பட்டுப் பக்கத்தில் தோல் பெல்ட்டும் மணிபர்ஸும் செய்யும் ஒரு சிறிய பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஒரு டஜன் பெல்ட்டுக்குத் தோல் வெட்ட ஒரு மணி நேரமும் தைக்க ஒரு மணி நேரமும் ஆகிறது. ஒரு டஜன் பர்ஸுக்கு வெட்ட ஒரு மணி நேரம் போதும். ஆனால் அறைகளும் மடிப்புகளும் இருப்பதால் தைக்க மூன்று மணி நேரம் ஆகிறது. அன்றைக்கு வெட்டு மேசை நான்கு மணி நேரமும் தையல் மெஷின் ஆறு மணி நேரமும் கிடைக்கின்றன என்றால், x டஜன் பெல்ட், y டஜன் பர்ஸ் என்பவற்றுக்கான கட்டுப்பாடுகள் x + y ≤ 4, x + 3y ≤ 6 ஆகும். x, y இரண்டும் பூஜ்ஜியத்துக்குக் குறையக் கூடாது. வரைந்து பார்த்தால் (0,0), (4,0), (3,1), (0,2) என்ற நான்கு மூலைகள் கொண்ட நாற்கரம் கிடைக்கும்.

இனி, வெட்டு மேசையில் மீதியாகும் நேரத்தை s என்றும், தையல் மெஷினில் மீதியாகும் நேரத்தை t என்றும் எழுதினால், சமனின்மைகள் சமன்பாடுகளாகிவிடும்:

```
x +  y + s     = 4
x + 3y     + t = 6
x, y, s, t ≥ 0
```

மீதி நேரத்தைச் சேர்த்ததால் படம் மாறிவிடவில்லை. x, y தெரிந்தால் s, t தாமாகவே தெரிந்துவிடும். மேலும் இரண்டு புள்ளிகளின் நடுப்புள்ளிக்கு உரிய மீதி, அவ்விரண்டின் மீதிகளுக்கு நடுவிலேயே இருக்கும். ஆகையால் தாளில் மூலையாக இருப்பது நான்கு மாறிகளிலும் மூலையாகவே இருக்கும்.

சமன்பாடுகள் இரண்டு, மாறிகள் நான்கு. எனவே இரண்டு மாறிகளைப் பூஜ்ஜியமாக்கி, மற்ற இரண்டுக்கும் தீர்க்கலாம். அப்படிக் கிடைப்பது அடிப்படைத் தீர்வு. அதில் குறை எண் எதுவும் இல்லையென்றால் அது அடிப்படை ஏற்புடைய தீர்வு. நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வழிகள் உண்டு:

```
பூஜ்ஜியம்    x   y   s   t
x, y         0   0   4   6
x, s         0   4   0  -6
x, t         0   2   2   0
y, s         4   0   0   2
y, t         6   0  -2   0
s, t         3   1   0   0
```

குறை எண் உள்ள இரண்டு வரிகளை நீக்கினால் மிஞ்சும் நான்கும் அந்த நான்கு மூலைகளே. நீக்கிய (0,4), (6,0) ஆகியவையும் தாளில் இருக்கின்றன. கோடுகள் அங்கேயும் வெட்டிக்கொள்கின்றன, ஆனால் பகுதிக்கு வெளியே. (0,4) என்பது நான்கு டஜன் பர்ஸை மட்டும் செய்வது. அதற்குத் தையல் மெஷினில் ஆறு மணி நேரம் பற்றாக்குறை என்பதைத்தான் -6 சொல்கிறது.

ஆனால் இது பொருந்தி வந்ததைக் காட்டுகிறதே தவிர, ஏன் பொருந்துகிறது என்பதைக் காட்டவில்லை. அதற்கு மூலை என்றால் என்ன என்பதைப் படத்தின் உதவியின்றிச் சொல்லியாக வேண்டும். பத்து மாறிகள் உள்ள கணக்கில் எவராலும் படம் வரைய முடியாது. பகுதிக்குள் இருக்கும் ஒரு புள்ளியிலிருந்து ஏதாவது ஒரு திசையில் ஒரு சிறு அடி முன்னேயும், அதே அளவு பின்னேயும் போய், இரண்டு முறையும் பகுதிக்குள்ளேயே நிற்க முடிந்தால் அந்தப் புள்ளி மூலை அன்று. அது வேறு இரண்டு புள்ளிகளின் நடுப்புள்ளி. எந்தத் திசையிலும் அப்படி முடியாவிட்டால் அது மூலை. வரையறை இவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடாமல், கூர்மையான முனையைப் படத்தில் காட்டிவிட்டுப் பாடநூல்கள் கடந்துபோவதுதான் இந்தக் குழப்பத்துக்கே காரணம் என்று நான் கருதுகிறேன்.

இப்போது மூலை அல்லாத ஒரு புள்ளியில் நின்று பார்ப்போம். (0,2), (3,1) என்ற மூலைகளை இணைக்கும் விளிம்பின் நடுவே x = 1.5, y = 1.5 என்ற புள்ளி இருக்கிறது. அங்கே வெட்டு மேசையில் ஒரு மணி நேரம் மீதி. தையல் மெஷினில் மீதி இல்லை. x, y, s மூன்றும் பூஜ்ஜியத்தைவிடப் பெரியவை. அவற்றின் கெழுக்களை நிரல்களாக எழுதினால் (1,1), (1,3), (1,0) என்று வரும். ஒவ்வொரு நிரலிலும் இரண்டு எண்களே இருக்கின்றன. இரண்டு எண் கொண்ட நிரல்கள் மூன்று இருந்தால் அவை ஒன்றையொன்று சார்ந்தே ஆக வேண்டும். இங்கே முதல் நிரலின் மூன்று மடங்கிலிருந்து இரண்டாவதை ஒரு முறையும் மூன்றாவதை இரண்டு முறையும் கழித்தால் பூஜ்ஜியம் வருகிறது. மேல் வரியில் 3 - 1 - 2, கீழ் வரியில் 3 - 3 - 0.

நிரல்களுக்கு இடையே இருக்கும் இந்தச் சார்பேதான் நகர்வதற்கான வழி. இந்தக் கோட்பாட்டில் என்னை இன்றும் மகிழ்விக்கும் இடம் இது. பட்டறையின் மொழியில் சொன்னால், மூன்று டஜன் பெல்ட்டைக் கூட்டி, ஒரு டஜன் பர்ஸைக் குறைத்து, வெட்டு மேசையின் மீதியில் இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டால் இரண்டு சமன்பாடுகளும் இம்மியும் மாறாமல் நிற்கும். (3, -1, -2, 0) என்பதே அந்தத் திசை. அதில் பாதி அளவு முன்னே போனால் (1.5, 1.5, 1, 0) என்பது (3, 1, 0, 0) ஆகிறது, பாதி அளவு பின்னே போனால் (0, 2, 2, 0) ஆகிறது. இரண்டும் பகுதிக்குள் இருப்பவை, இரண்டும் நம் அட்டவணையில் உள்ள மூலைகள். அரைப் பங்குக்கு மேல் போக முடியாததற்குக் காரணமும் அந்த எண்களிலேயே தெரிகிறது: முன்னே போகும்போது மீதி நேரம் s தீர்ந்துவிடுகிறது, பின்னே போகும்போது பெல்ட் x தீர்ந்துவிடுகிறது.

இதில் எண்கள் குறிப்பாக எதையும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த ஏற்புடைய புள்ளியிலும் பூஜ்ஜியத்தைவிடப் பெரிய மாறிகளின் நிரல்கள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால், அந்தச் சார்பே ஒரு திசையைத் தந்துவிடும்; அந்த மாறிகள் பூஜ்ஜியத்திலிருந்து சற்றேனும் விலகி இருப்பதால் இருபுறமும் ஒரு சிறு அடி வைக்க இடமும் இருக்கும். ஆகவே அது மூலையாக இருக்க முடியாது. மறுபுறம் திருப்பிச் சொன்னால், மூலை என்றால் அங்கே பூஜ்ஜியமல்லாத மாறிகளின் நிரல்கள் சார்பற்றவை. அதாவது அது அடிப்படை ஏற்புடைய தீர்வு.

எதிர்த்திசையும் வேண்டும்: அடிப்படை ஏற்புடைய தீர்வு ஒவ்வொன்றும் மூலைதானா? (3, 1, 0, 0) என்பது வேறு இரண்டு ஏற்புடைய புள்ளிகளின் நடுப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதன் s மதிப்பு பூஜ்ஜியம். அது அந்த இரண்டு புள்ளிகளின் s மதிப்புகளுடைய சராசரி. அந்த இரண்டும் குறை எண் ஆக முடியாதவை. குறையாத இரண்டு எண்களின் சராசரி பூஜ்ஜியம் என்றால் இரண்டும் பூஜ்ஜியமே. t மதிப்புக்கும் அப்படியே. ஆகவே அந்த இரண்டு புள்ளிகளிலும் x + y = 4, x + 3y = 6 என்றே இருக்க வேண்டும்; (1,1), (1,3) என்ற நிரல்கள் சார்பற்றவை என்பதால் இதற்கு x = 3, y = 1 என்ற ஒரே தீர்வுதான் உண்டு. இரண்டு புள்ளிகளும் (3, 1, 0, 0) ஆகிவிட்டன. வேறு புள்ளிகள் என்று சொன்னது பொய்யாகிறது. மாறிகள் பூஜ்ஜியத்துக்குக் குறையக் கூடாது என்ற எளிய நிபந்தனை இந்த இடத்தில்தான் தன் வேலையைச் செய்கிறது. அந்த நிபந்தனையை நீக்கிவிட்டு x + y ≤ 4 என்பதை மட்டும் வைத்தால் பகுதி அரைத்தளமாகப் பரந்து கிடக்கும். அதில் ஒரு மூலைகூட இருக்காது.

நேரியல் திட்டமிடலில் சிறந்த விடையைத் தேட 1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை இந்த ஒற்றுமையின் மேல்தான் நடக்கிறது. கணினிக்கு மூலை தெரியாது, நிரல்கள்தான் தெரியும். ஒரு நிரலை வெளியேற்றி இன்னொன்றைச் சேர்க்கும்போது அது ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு விளிம்பு வழியே போகிறது. ஆறு தேர்வுகளையும் எழுதிப் பார்ப்பது நம் பட்டறைக்குச் சரி. 20 சமன்பாடுகளும் 50 மாறிகளும் இருந்தால் தேர்வுகள் ஏறக்குறைய 47 லட்சம் கோடி. அங்கே எழுதிப் பார்ப்பது நடவாது.

இனி அந்த மாணவியின் இரண்டாம் பக்கம். அவருடைய கணக்கின் எண்கள் வேறு. ஆனால் நம் பட்டறையிலேயே அதே நிலையை உண்டாக்கிவிடலாம். பெல்ட்டுக்கான கொக்கிகள் மூன்று டஜன்தான் இருக்கின்றன என்று வையுங்கள். x ≤ 3 என்ற புதிய கட்டுப்பாடு வருகிறது. மீதிக் கொக்கியை u என்போம். x = 3 என்ற கோடு (3,1) என்ற மூலையின் வழியாகவே செல்கிறது. இப்போது சமன்பாடுகள் மூன்று, மாறிகள் ஐந்து. முன்போலவே இரண்டைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். s, t ஆகியவற்றைப் பூஜ்ஜியமாக்கினாலும், s, u ஆகியவற்றை ஆக்கினாலும், t, u ஆகியவற்றை ஆக்கினாலும் வருவது x = 3, y = 1 மட்டுமே; மூன்று மீதிகளும் அங்கே ஒரேயடியாகத் தீர்ந்துவிடுகின்றன. மொத்தம் உள்ள 10 தேர்வுகளில் x, u இரண்டையும் பூஜ்ஜியமாக்குவது x = 0, x = 3 என்று முரண்படுவதால் அதற்குத் தீர்வே இல்லை; மூன்று தேர்வுகளில் குறை எண் வருகிறது; மிஞ்சும் ஆறு தேர்வுகள் நான்கு மூலைகளைத் தருகின்றன.

ஆகவே புள்ளிக்குப் புள்ளி ஒற்றுமை உண்டு. ஆனால் ஒரு மூலைக்கு ஒரே ஒரு நிரல் தேர்வுதான் என்பது கிடையாது. இந்த நிலை வந்திருப்பதை அறிவது எளிது: சமன்பாடுகளின் எண்ணிக்கையைவிடப் பூஜ்ஜியமல்லாத மாறிகள் குறைந்திருக்கும். இங்கே மூன்று சமன்பாடுகளுக்கு x, y என்று இரண்டுதான். சிம்ப்ளெக்ஸ் முறை இப்படிப்பட்ட இடத்தில் நிரல்களை மாற்றிக்கொண்டே போயும் புள்ளி நகராமல் நிற்கக்கூடும். சில கணக்குகளில் பழைய தேர்வுக்கே திரும்பி வந்து முடிவின்றிச் சுழலவும் கூடும். அதைத் தடுக்க 1977-இல் ராபர்ட் பிளாண்ட் ஒரு விதி தந்தார்: தகுதியுள்ள மாறிகள் பல இருந்தால், உள்ளே எடுக்கும்போதும் வெளியே விடும்போதும் வரிசை எண்ணில் சிறியதையே தேர்ந்தெடு.

மாணவி அடித்துவிட்ட இரண்டு வரிகளும் சரியானவையே. மூன்று வரிகளையும் அப்படியே வைத்து, அவற்றுக்கு எதிரே ஒரே மூலையைக் குறித்துக்கொண்டால் போதும்.