அலைன்மென்ட்: நூல் பிடித்த பாடம்

டயர் கடையில் ‘வீல் அலைன்மென்ட்’ என்று கேட்டுப் பழகிய சொல்தான். பி.எட். வகுப்பில் அதே சொல், பாடக்குறிப்பின் நோக்கம், செயல்பாடு, மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒரே திசையில் நிற்கின்றனவா என்று பார்ப்பதைக் குறிக்கிறது.

சொல்லின் வேர் பிரெஞ்சில் ‘கோட்டில் நிறுத்து’ என்ற பொருளுடைய ‘அலின்யே’. அதற்குள் இருக்கும் கோடு, லத்தீன் ‘லீனியா’. ஆளிச்செடியின் நாரில் திரித்த நூலுக்கு முதலில் அந்தப் பெயர். ஆக, கோடு என்பதே இழுத்துக் கட்டிய நூல். நம் கொத்தனாரும் சுவர் எழுப்பும்போது நூல் பிடிக்கிறார். நன்னூலும் மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சனின் நூலைக் காட்டித்தான் மனத்தின் கோணலைத் தீர்க்கும் நூலை விளக்குகிறது.

கல்வித்துறையில் இந்தச் சொல்லை நிலைநிறுத்தியவர் ஜான் பிக்ஸ். 1996இல் வெளியான கட்டுரையில் அவர் இதை ‘கன்ஸ்ட்ரக்டிவ் அலைன்மென்ட்’ என்றார். மாணவர் தாமே செய்து பொருளைக் கட்டிக்கொள்கிறார், ஆசிரியர் மற்றவற்றை அதற்கு நேராக நிறுத்துகிறார் என்பது கருத்து. நோக்கத்திலிருந்து தொடங்கு என்று ரால்ஃப் டைலர் 1949லேயே சொல்லியிருந்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சீரமைப்பு’ என்றால் கெட்டதைச் சரிசெய்வது, ‘ஒருங்கிணைப்பு’ என்றால் தனித்தனியானவற்றை ஒன்றாக்குவது. இரண்டும் இங்கே பொருந்தவில்லை. ‘ஒத்திசைவு’ பரவாயில்லை. ஆனால் ஒத்திசைவில் எல்லாம் சமம், இங்கோ நோக்கம்தான் நூல், மற்ற இரண்டும் செங்கல். அதனால் நான் ‘நேர்ப்பொருத்தம்’ என்று எழுதுகிறேன். கூடவே வரும் ‘ரேஷனேல்’ என்பதற்குக் ‘காரண விளக்கம்’ போதும். ஏன் இப்படித் திட்டமிட்டேன் என்று மாணவ ஆசிரியர் எழுதும் ஒரு பக்கம் அது.

அந்தப் பக்கத்தைத் திருத்தும்போதுதான் சொல்லின் உண்மையான பொருள் புரியும். ஆறாம் வகுப்பு அறிவியல், கலவைகளைப் பிரித்தல் என்று வைத்துக்கொள்வோம். நோக்கம்: ‘தரப்பட்ட கலவைக்கு ஏற்ற பிரித்தல் முறையைத் தேர்ந்து காரணம் கூறுவர்.’ செயல்பாடு: ஆசிரியர் வடிகட்டிக் காட்டுகிறார், மாணவர்கள் படம் வரைந்து பாகம் குறிக்கிறார்கள். மதிப்பீடு: ‘வடிகட்டுதல் என்றால் என்ன?’ காரண விளக்கமோ, ‘மூன்றும் பிரித்தல் முறைகளைப் பற்றியவை, எனவே பொருந்துகின்றன’ என்கிறது.

தலைப்பு ஒன்றுதான், வேலை ஒன்றல்ல. நோக்கத்தின் வினைச்சொல் ‘தேர்ந்து’. மாணவர்களோ வகுப்பில் எதையும் தேரவில்லை, வரைந்தார்கள். தேர்வில் வரையறையை ஒப்பித்தார்கள். முதலில் வினைச்சொல்லை அடிக்கோடிட்டு, செயல்பாட்டில் மாணவரின் கையும் வாயும் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். அப்புறம் இன்னொரு கேள்வி: நோக்கத்தை எட்டாத ஒருவர் இந்த மதிப்பீட்டில் முழு மதிப்பெண் வாங்க முடியுமா? இங்கே தாராளமாக முடியும்.

திருத்திய வடிவில் குழுக்களுக்கு மணலும் உப்பும், இரும்புத்தூளும் மணலும், உமியும் அரிசியும் தரலாம். எந்த முறை, ஏன் என்று அவர்கள் வாதாடட்டும். இறுதியில் மரத்தூளும் உப்பும் கலந்த கலவை. இது வகுப்பில் வராத கலவையாக இருப்பதுதான் முக்கியம். மணலையும் உப்பையுமே மறுபடி கேட்டால், வினாவில் ‘தேர்ந்தெடு’ என்று இருந்தாலும் நடப்பது நினைவுகூர்தல்தான். வினைச்சொல்லை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் ஏமாறும் இடம் இது.

பாடக்குறிப்புக்கும் காரண விளக்கத்துக்கும் மதிப்பெண் தனித்தனி. திட்டம் நேராக இருந்து, விளக்கம் ‘மாணவர் ஆர்வமடைவர்’ என்று நின்றுவிடுவதும் உண்டு. ‘புதிய கலவையைத் தந்தேன், ஏனெனில் பழையதென்றால் மனப்பாடமாகிவிடும், செய்துகாட்டலை விட்டேன், ஏனெனில் அதில் தேர்வது நானாகிவிடும்’ என்று எழுதியவருக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். விட்டதற்கும் காரணம் சொல்லத் தெரிந்திருக்கிறது அல்லவா?

ஒன்றை மட்டும் இந்தச் சொல்லிடம் கேட்கக்கூடாது. ‘ஐந்து பிரித்தல் முறைகளின் பெயர்களைக் கூறுவர்’ என்பது நோக்கமாகி, பெயர்களை ஒப்பிக்க வைத்து, பெயர்களையே கேட்டால் நேர்ப்பொருத்தம் குறையே இல்லாமல் இருக்கும். சுவர் நேராக இருக்கிறது. வேண்டிய இடத்தில்தான் எழுப்பியிருக்கிறார்களா என்பதை நூல் சொல்லாது, அதற்கு நோக்கத்தைத் தனியாகப் படிக்க வேண்டும்.