சூஷ்லாக்: இரவுப் படியும் ஞாயிறு மிகையூதியமும்

ஜெர்மனியில் ஷிஃப்டு வேலை பார்க்கும் தமிழர்கள் சம்பளச் சீட்டில் அடிக்கடி பார்க்கும் சொல் ‘சூஷ்லாக்’. ‘ஷ்லாக்’ என்றால் அடி. ‘சூ’ முன்னொட்டு, ஒன்றோடு சேர்வதைக் காட்டும். ஏலத்தில் சுத்தியல் தட்டிப் பொருளை ஒருவருக்கு முடித்துக் கொடுப்பதும் சூஷ்லாக்தான். கான்கிரீட்டில் சிமெண்டோடு சேரும் மணலும் ஜல்லியும்கூட அதே பெயரில் வழங்குவதுண்டு. சம்பளத்தில் அது அடிப்படை மணிக்கூலியின் மேல் ஏற்றும் தொகை.

தமிழில் இரவு வேலைக்கு ‘இரவுப் படி’ பொருந்தும். தானியம் அளக்கும் படியே நாட்செலவுக்குத் தரும் தொகைக்கும் பெயரானது. பயணப்படி, அகவிலைப்படி என்று இன்றும் வாழ்கிறது. ஞாயிறுக்கு ‘மிகையூதியம்’ நல்லது. ‘பிரீமியம்’ என்றால் நம் காதில் காப்பீட்டுத் தவணைதான் விழும்.

ஜெர்மன் வருமானவரிச் சட்டத்தின் 3பி பிரிவு, எவ்வளவு வரை வரியில்லை என்று வரம்பு கட்டுகிறது. இரவு 8 முதல் காலை 6 வரை 25%. நள்ளிரவுக்கு முன்பே வேலை தொடங்கியிருந்தால், 12 முதல் 4 வரை 40%. ஞாயிறு முழுக்க 50%. ஞாயிறு நள்ளிரவுக்கு முன் வேலை தொடங்கினால் திங்கள் அதிகாலை 4 வரையும் அது நீளும். இவை வரிக்கான வரம்புகள் மட்டுமே. கையில் எவ்வளவு வரும் என்பதை ஒப்பந்தமே தீர்மானிக்கும். ஞாயிறு என்பதற்காகவே கூடுதல் தர வேண்டும் என்று பொதுச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

ஒப்பந்தமும் இதே விகிதம் தருவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கூலி 16 யூரோ. வேலை ஞாயிறு இரவு 10 முதல் திங்கள் காலை 6 வரை, நடுவில் 2 மணிக்கு அரைமணி ஊதியமில்லா இடைவேளை.

```
22-24: 2.0 × 16 × (0.50 + 0.25) = 24.00
00-04: 3.5 × 16 × (0.50 + 0.40) = 50.40
04-06: 2.0 × 16 × 0.25          =  8.00
```

மேலதிகம் 82.40, அடிப்படை 7.5 × 16 = 120; மொத்தம் 202.40 யூரோ. (சனி இரவு 10 மணிக்குத் தொடங்கினாலும் இதே தொகைதான் வரும், முதல் வரியும் கடைசி வரியும் இடம் மாறும், அவ்வளவே.)

பலர் தடுக்கி விழும் இடம் பெருக்கல். 16 × 1.5 × 1.4 = 33.60 என்று போடுவார்கள். இரு விகிதங்களும் அடிப்படைக் கூலியின் மேல் தனித்தனியே நிற்பவை. கூட்டித்தான் சேர்க்க வேண்டும், ஆகவே 16 × 1.9 = 30.40. சீட்டுத் தொகை உங்கள் கணக்கைவிடக் குறைந்தால் முதலில் இடைவேளையைப் பாருங்கள்: 2 மணிக்கு எடுத்த அரைமணியை 5 மணிக்கு எடுத்ததாகப் பதிந்தால் தொகை கூடும், 5 மணிக்கு எடுத்ததை 2 மணிக்கு எனப் பதிந்தால் குறையும்.

வரிவிலக்கு உண்மையில் வேலை செய்த மணிகளுக்கு மட்டும். நோய் விடுப்பில் அந்த இரவுகளுக்கான மேலதிகம் சம்பளத்தோடு வந்தாலும் அதற்கு வரி பிடிப்பார்கள். அந்த மாதம் மொத்தச் சம்பளம் அதேதான், கைக்கு வருவது குறையும்.